காசு எதை அறியும்?

காசு தன் கதையைத் தானே சொல்வது மிகப் பழைய உத்தி. லத்தீன் விடுகதைக் கவிஞர் சிம்ஃபோசியஸின் மூன்றடிப் பாடல் ஒன்றில், மண்ணில் கிடந்ததையும் நெருப்பால் வேறு பெயர் பெற்றதையும் சொல்லிக் காசு தன்னை மறைத்துக்கொள்கிறது. 1710இல் ஜோசப் அடிசன் 'டாட்லர்' இதழில் ஒரு ஷில்லிங்கைப் பேசவைத்தார். பெருவின் மலையில் பிறந்து இங்கிலாந்து வந்து சேரும் அந்த வெள்ளிக் காசு, கருமியின் பெட்டியில் அடைபடுகிறது. மருந்துக்கடைக்காரர், கசாப்புக்காரர் என்று கைமாறுகிறது. ஒருவன் அதன் ஓரத்தை வெட்டி வெள்ளியைத் திருடுகிறான். கடைசியில் உலையில் உருகி மறுபிறவி எடுக்கிறது. தேய்ந்த வெள்ளிக் காசுகளை அரசு 1696இல் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்ட வரலாறு, இங்கே காசின் உடம்பில் நடந்த சம்பவமாகிறது.

1760இல் வெளிவரத் தொடங்கிய சார்லஸ் ஜான்ஸ்டனின் 'கிரைசல்' நாவலில் தங்கத்தின் ஆவி கதை சொல்கிறது. உடைமையாளரின் மனத்துக்குள்ளேயே அதனால் நுழைய முடியும். அங்கதத்துக்கு அது வசதி. ஆனால் எல்லாம் தெரிந்த காசு, காசாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. கவிதைக்குப் பொருந்துவது அடிசன் வழிதான்: எடை, சூடு, தேய்மானம், மாற்றாகக் கிடைத்த பொருள், இவற்றை மட்டும் அறிந்த காசு.

படைப்பெழுத்து வகுப்பில் எழுதப்படும் காசுக் கவிதைகள் பெரும்பாலும் பிச்சைக்காரர், பணக்காரர், கோயில் உண்டியல் என்ற பட்டியலில் நின்றுவிடும். கைகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். கவிதையில் எதுவும் கெடவில்லை என்றால் அது வெறும் பட்டியல். ஒரு கை விட்ட தடம் அடுத்த கைக்குப் போகவில்லை.

ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்வோம். போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் 1943இல் வந்தது. நடுவில் துளை, அரசனின் தலைக்குப் பதில் கிரீடம் மட்டும். 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1இல் ரூபாய் 100 நயா பைசாவானதும், இதன் மதிப்பு ஒன்றரைப் பைசாவுக்குச் சற்று அதிகம் என்றானது. அந்தக் காசு இப்படிப் பேசலாம்:

தலையில்லாத கிரீடம் நான்.
குழந்தையின் இடுப்புக் கயிற்றில் கோத்தார்கள்;
காய்ச்சல் முதலில் எனக்குத்தான் தெரிந்தது.
கயிறு அறுத்தது வைத்தியருக்காக.
துளையோரம் வழுவழுப்பாய்
இன்று கடை மேசையில் கிடக்கிறேன்:
ஒன்றுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே.

வைத்தியரையும் கடைக்காரரையும் இடம் மாற்றினால் கவிதை குலையும். கயிறு உரசிய வழுவழுப்பு கடைசிக் கைவரை வருகிறது. 'மனிதர்கள் மாறுவார்கள்' என்று முடிவுரை சேர்க்கத் தேவையில்லை. செல்லாமல் போவதன் கணக்கைக் கடை மேசையே சொல்லிவிடுகிறது.