அரசனே சொல்லட்டும்

அக்பர்–பீர்பால் கதைகளில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் தோன்றுவது கிச்சடிக் கதை. வடநாட்டுக் குளிர்கால இரவு. குளத்து நீரில் விடிய விடிய நிற்பவனுக்குப் பரிசு என்று அக்பர் அறிவிக்கிறார். ஓர் ஏழை நின்று காட்டுகிறான். காலையில் அவையில் விசாரிக்கிறார்கள்.

“எப்படியப்பா தாங்கினாய்?”

“தூரத்தில் அரண்மனை மாடத்தில் ஒரு விளக்கு எரிந்தது, ஹுசூர். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரவு கழிந்துவிட்டது.”

உடனே அவையிலிருந்து ஒருவர் எழுந்து, “அப்படியானால் இவன் விளக்கின் சூட்டில் குளிர் காய்ந்திருக்கிறான், பரிசு கிடையாது” என்கிறார். அக்பரும் தலையாட்டிவிடுகிறார். அந்த ஏழையின் பரிசைப் பறித்தது அவன் வாயிலிருந்து வந்த உண்மை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான், அதையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். கதை முழுவதையும் நகர்த்துவது இந்த அநியாயம்தான். நம்மில் பலரும் கதை கேட்கும்போது இதைக் கவனிக்காமல், பீர்பால் எப்போது வருவார் என்று காத்திருப்போம்.

பீர்பால் அவையிலேயே எழுந்து, “விளக்கின் சூடு அவ்வளவு தூரம் வராது, ஹுசூர்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது வாதம். வாதத்துக்கு மறுவாதம் வரும், அவையே இரண்டு கட்சியாகும், தீர்ப்புச் சொல்லிவிட்ட அரசர் அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். அதனால் அன்று பீர்பால் எதுவும் பேசுவதில்லை. மறுநாள் அவைக்கு வருவதும் இல்லை. ஆள் போகிறது. “கிச்சடி அடுப்பில் இருக்கிறது, வெந்ததும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்” என்று பதில் வருகிறது. மறுபடி ஆள் போகிறது, மறுபடி அதே பதில். பொறுமையிழந்த அக்பர் தாமே கிளம்பிப் போகிறார். அங்கே தரையில் சுள்ளி எரிகிறது. பானையோ எட்டாத உயரத்தில், மூங்கிலில் கட்டித் தொங்குகிறது.

“உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? இவ்வளவு உயரத்தில் இருக்கும் பானைக்குச் சூடு எப்படிப் போய்ச் சேரும்?”

“குளத்தில் நின்றவனுக்கு விளக்கின் சூடு போய்ச் சேர்ந்ததே, ஹுசூர், அப்படித்தான்.”

இந்தக் கதையின் செய்நேர்த்தி முழுதும் அக்பர் கேட்கும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. சூடு அவ்வளவு தூரம் போகாது என்ற வாக்கியம் பீர்பாலின் வாயில் ஒருமுறைகூட வருவதில்லை. அதைச் சொல்பவர் அக்பர். தீர்ப்பை உடைக்கும் சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே. பீர்பால் செய்ததெல்லாம் அந்த வாக்கியம் தானாக வந்து விழும்படி ஓர் இடத்தை ஏற்பாடு செய்தது மட்டும். அந்த இடமும் அரியணைக்கு முன்னால் இல்லை என்பதைப் பாருங்கள். அரசர் தம் ஆசனத்தை விட்டு இறங்கி, நடந்து, அடுப்படிக்கு வந்து நிற்கிறார். அங்கே அவர் தீர்ப்புச் சொல்ல வந்தவர் அல்லர், பானையைப் பார்த்து வியக்கும் ஒரு மனிதர். கிச்சடியாக இருப்பதிலும் பொருள் உண்டு. பருப்பும் அரிசியும் சேர்ந்து சீக்கிரம் வெந்துவிடும் எளிய சாப்பாடு அது. எளிதில் வேக வேண்டியது நாள் முழுக்க வேகவில்லை என்பதால்தான் அரசருக்குச் சந்தேகமே எழுகிறது.

சிறுவர் நூல்கள் பலவற்றில் இதற்குப் பிறகு பீர்பால் நின்று நிதானமாக விளக்குவார். “எப்படி இந்தப் பானைக்குச் சூடு எட்டவில்லையோ, அதுபோல அந்த ஏழைக்கும்...” என்று ஒரு பத்தி ஓடும். அந்தப் பத்தி வந்ததும் கதை கீழே விழுந்துவிடுகிறது. பீர்பாலின் பதில் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அரசர் தாமாகக் கண்டுகொண்டதைப் பீர்பால் பிடுங்கித் தம் பெயரில் எழுதிக்கொண்டது போலாகிவிடும்.

இந்தக் கதை பீர்பாலுக்கு மட்டும் சொந்தமில்லை. நாட்டார் கதைகளை உலக அளவில் வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–உத்தர் அட்டவணையில் இதற்கு 1262 என்று எண்ணே இருக்கிறது. முல்லா நசுருதீன் ஒற்றை மெழுகுவத்தியின் மேல் விருந்து சமைக்கிறார். 1950இல் ஹெரால்ட் கூர்லாண்டரும் வுல்ஃப் லெஸ்லாவும் வெளியிட்ட எத்தியோப்பியத் தொகுப்பில், மலையுச்சியில் குளிரில் நிற்கும் வேலைக்காரன் எதிர்மலையில் எரியும் நெருப்பைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கிறான். அங்கே பந்தயத்தில் தோற்றும் கொடுக்க மறுக்கும் செல்வனை விருந்துக்கு அழைக்கிறார்கள். சமையலறையிலிருந்து மணம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது, சாப்பாடு வரவில்லை. மணத்தால் வயிறு நிறையுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பசித்த வயிற்றிலிருந்து அந்தக் கேள்வி வருவதால் எத்தியோப்பியக் கதைக்கு ஒரு கூர்மை உண்டு. என்றாலும் அரசரையே அடுப்படிக்கு நடக்கவைத்த அழகுக்காக நான் கிச்சடியைத்தான் முதலில் வைப்பேன்.

இதைவிட மிகப் பழையது மகோசதன் கதை. பாலி ஜாதகத் தொகுப்பில் 546ஆவதாக இருக்கும் மகா உம்மக்க ஜாதகம் அது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹுத் தூபிச் சிற்பங்களில் இந்தக் கதையின் ஒரு காட்சி பெயர் பொறித்துச் செதுக்கப்பட்டிருக்கிறது. மிதிலையை ஆளும் விதேக மன்னன், கிராமத்தில் வளரும் ஏழு வயது மகோசதனின் அறிவைச் சோதிக்கப் புதிர்களாக அனுப்புகிறான். ஒரு கொழுத்த காளையை அனுப்பி, “இது சினையாக இருக்கிறது, பிரசவம் பார்த்துக் கன்றோடு திருப்பி அனுப்புங்கள், தவறினால் அபராதம்” என்கிறான். ஊரார் கலங்கிப் போகிறார்கள். மகோசதன் தைரியசாலியான ஒருவனைப் பிடித்து, தலைவிரி கோலமாக அரண்மனை வாசலில் போய் அழச் சொல்கிறான். “என்னப்பா?” என்று அரசன் கேட்கிறான். “என் அப்பாவுக்கு ஏழு நாளாகப் பிரசவ வலி, குழந்தை பிறக்கவில்லை, வழி சொல்லுங்கள்.” “பைத்தியமா உனக்கு? ஆண்பிள்ளை பிள்ளை பெறுவானா?” அவ்வளவுதான். காளையின் வழக்கு அங்கேயே முடிந்தது.

இன்னொரு முறை, அரண்மனை ஊஞ்சலின் மணல் கயிறு அறுந்துவிட்டது, புதிதாக ஒன்று திரித்து அனுப்புங்கள் என்று ஆணை வருகிறது. “பழைய கயிற்றில் ஒரு சாண் அனுப்பிவையுங்கள், பருமன் பார்த்துத் திரிக்கிறோம்” என்று பதில் போகிறது. இங்கே நாடகம்கூட இல்லை. பணிவாக, வேலை தெரிந்தவன் மாதிரி கேட்கிற ஒரு கேள்விதான். முடியாது என்று சொல்லவில்லை, ஆணையை மீறவும் இல்லை. எத்தனையோ கதைகளைக் கேட்ட பிறகும் இந்த ஒரு சாண் கயிற்றின் நேர்த்திக்கு இணையானது எனக்கு அகப்படவில்லை.

இந்தக் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். விகடகவியும் மந்திரியும் அரசனை வாதத்தில் வென்றார்கள் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் எதிராளி பெரும்பாலும் அரசன் இல்லை. குளத்தில் நின்றவன் விளக்கில் குளிர் காய்ந்தான் என்று எடுத்துக் கொடுத்தவர் அவையில் ஒருவர். மகோசதனை அழைத்து வரலாமா என்று விதேகன் கேட்கும் ஒவ்வொரு முறையும், இது போதாது, இன்னும் சோதியுங்கள் என்று தள்ளிப்போடுபவன் சேனகன் என்னும் மூத்த பண்டிதன். அறிவாளி மறுப்பது அரசனுக்கு யாரோ ஓதிய வாதத்தை. அரசனுக்கு அவர் செய்வது உதவி. பிறர் பேச்சைக் கேட்டு எடுத்த முடிவிலிருந்து, தானே கண்டுபிடித்தது போல, முகம் கெடாமல் திரும்பி வர அவனுக்கு ஒரு வழி கிடைக்கிறது. எதிராளி தோற்க வேண்டும், அரசன் தோற்கக் கூடாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்து முடிப்பதுதான் இவர்களுடைய அறிவு.

அந்த வழி அடைபட்டால் எந்த அறிவும் உதவாது. வரலாற்றில் அதற்கு ஒரு சாட்சி உண்டு. ராயர் அப்பாஜி கதைகளில் கிருஷ்ணதேவராயரின் புதிர்களையெல்லாம் அவிழ்க்கும் மந்திரி அப்பாஜி, உண்மையில் சாளுவ திம்மரசு. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் நூனிஸ் எழுதியதைப் படித்தால் நெஞ்சு பதறும். பட்டத்துக்கு வரவிருந்த இளைஞர் கிருஷ்ணதேவராயரின் கண்களைப் பிடுங்கச் சொல்லி முந்தைய அரசர் ஆணையிட்டபோது, ஆட்டின் கண்களைக் காட்டி அவரைக் காப்பாற்றியவர் இந்தத் திம்மரசு என்கிறார் நூனிஸ். பின்னாளில் ராயரின் சின்ன மகன் இறந்தபோது நஞ்சு வைத்ததாகச் சந்தேகப்பட்டு, திம்மரசைச் சிறையில் அடைத்துக் கண்களைப் பறித்தவர் அதே ராயர் என்பதும் அவர் குறிப்பில்தான் இருக்கிறது. அங்கே குற்றம் சாட்டியவர், தீர்ப்புச் சொன்னவர், மகனை இழந்து துடித்தவர் எல்லாமே அரசர் ஒருவர்தான். யாருடைய வாதம் என்று பிரித்துக் காட்ட இடமில்லை.

துக்கத்தில் இருக்கும் அரசரிடம் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பது கதைசொல்லிகளுக்கும் தெரியும். அந்த ஆபத்துக்குள் நேராகக் கால் வைக்கும் கதை அதே ராயரின் அவையில் நடப்பதாக நம்மிடம் இருக்கிறது, தெனாலிராமனின் தங்க மாம்பழக் கதை. ராயரின் தாயார் சாகும் தறுவாயில் மாம்பழம் கேட்டார். பழம் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. ஆசை நிறைவேறாத ஆத்மா சாந்தியடைய 108 அந்தணருக்குத் தங்க மாம்பழம் தானம் கொடுங்கள் என்று சாத்திரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், ராயரும் கொடுக்கிறார். ராமன் அதே அந்தணரைத் தன் வீட்டுக்கு அழைத்து, கதவைத் தாழிட்டு, காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிறான். அலறிக்கொண்டு அவர்கள் ராயரிடம் ஓடுகிறார்கள். “என் தாயார் வலிப்பில் கிடந்தபோது சூடு போடச் சொன்னார். கம்பி காய்வதற்குள் போய்விட்டார். அவர் ஆசையையும் இவர்கள் வழியாகத்தானே நிறைவேற்ற முடியும்?” என்கிறான் ராமன்.

ராயரின் தாயாரை அவன் தொடவே இல்லை. பக்கத்தில் தன் தாயைக் கொண்டுவந்து வைக்கிறான். இரண்டு தாய்கள், நிறைவேறாத இரண்டு கடைசி ஆசைகள், ஒரே சாத்திரம். சாத்திரம் சரி என்றால் சூடும் சரி. சூடு தவறு என்றால் மாம்பழம் எதற்கு என்று ராயரே யோசித்துக்கொள்ளலாம். அவருடைய துக்கத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. அதை வைத்துப் பிழைத்தவர்கள் மட்டும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

சூடு போடுவது கொடுமை என்று இன்று பலர் கதையை மாற்றுகிறார்கள். கம்பியைக் காட்டியதும் அந்தணர்கள் பயந்து பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடுவதாக முடிக்கிறார்கள். கொடுமைதான், எனக்கும் அங்கே உடல் கூசுகிறது. ஆனால் சூடு விழாவிட்டால் புகார் இல்லை, புகார் இல்லாவிட்டால் வழக்கு ராயரின் காதுக்குப் போகாது. பழங்களைப் பறிகொடுத்த அந்தணர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், ராயர் அடுத்த வருடத் திதிக்கும் தட்டானை வரவழைத்திருப்பார்.