எடை குறைப்பு ஊசியும் தசையும்: புரதக் கணக்கு, வலுப்பயிற்சி ஆகியவற்றின் பலமும் பலவீனமும்

செமாக்ளுடைட், டிர்செபடைட் போன்ற வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் பசியை அடக்கி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, சாப்பாட்டின் அளவை வெகுவாகக் குறைக்கக்கூடியவை. இந்தியச் சந்தைக்கு டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடை குறைப்புக்கென்றே அளவிடப்பட்ட செமாக்ளுடைட் அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. மருத்துவர் சீட்டோடு இவற்றைப் போடத் தொடங்குவோரிடம் இப்போது வழக்கமாகச் சொல்லப்படும் துணை அறிவுரை இரண்டு: புரதத்தைக் கூட்ட வேண்டும், வலுப்பயிற்சி செய்ய வேண்டும். எடையோடு சேர்ந்து தசையும் போய்விடாமல் காப்பதே நோக்கம். நோக்கம் சரிதான். நடைமுறையில் அது எவ்வளவு பலிக்கிறது, எங்கே பிசகுகிறது என்பதே இங்கே எடைபோடப்படுகிறது.

அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 2021-இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் செமாக்ளுடைட் எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையை இழந்தார்கள். அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு டெக்சா ஸ்கேன் எடுத்ததில், கொழுப்பு சுமார் 10 கிலோவும் கொழுப்பல்லாத நிறை சுமார் 7 கிலோவும் குறைந்திருந்தன. போன எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பு அல்ல என்பதே பலரையும் திடுக்கிட வைத்தது. டிர்செபடைட் ஆய்வில் அந்தப் பங்கு ஏறத்தாழ கால்வாசியாக இருந்தது.

ஆனால் அந்த 7 கிலோவும் தசை என்று படிப்பது பிழை. டெக்சா ஸ்கேன் கொழுப்பையும் எலும்பையும் கழித்துவிட்டு மிச்சத்தை எல்லாம் ஒரே பெயரில் கூட்டுகிறது. அதில் தண்ணீரும், கல்லீரல் போன்ற உறுப்புகளும், தசைக்குள் சேமித்திருக்கும் சர்க்கரையும் அடக்கம். கனத்த உடலைச் சுமப்பதற்காக வளர்ந்த கூடுதல் தசையில் ஒரு பகுதி, சுமை இறங்கியதும் குறைவதும் இயல்பு. அந்த ஆய்விலேயே மொத்த உடல் எடையில் கொழுப்பல்லாத நிறையின் விகிதம் உயர்ந்தது, ஏனெனில் கொழுப்பு அதைவிட அதிகமாகக் கரைந்தது. நாற்பது வயது ஆணுக்கு இதனால் பெரிய கெடுதல் இராது. அறுபதை நெருங்கும், ஏற்கெனவே கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் பெருத்த ஒருவருக்கு அப்படி இல்லை. தெற்காசியர்களுக்கு ஒரே எடையில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது. இருப்பு குறைவாக உள்ளவருக்கு அதே இழப்பு அதிகம் வலிக்கும்.

இனி நடைமுறைக்கு வரலாம். ஓர் உதாரணக் கணக்கு: 58 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 82 கிலோ எடை, பாலும் தயிரும் சேர்க்கும் சைவப் பெண் ஒருவர். ஊசி தொடங்கி மூன்றாம் மாதம். காலையில் இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார். மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, சாம்பார், பொரியல், கொஞ்சம் மோர். மாலை ஒரு காப்பி. இரவு ஒரு தோசை. இந்த நாள் முழுவதிலும் கிடைக்கும் புரதம் 20 முதல் 25 கிராம்தான். எடை குறையும் காலத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, கிலோவுக்கு 1.2 கிராமும் அதற்குச் சற்று மேலும். அதிக உடல் எடை உள்ளவருக்கு இதைத் தற்போதைய எடையில் பெருக்காமல், எட்ட நினைக்கும் எடையில் பெருக்குவது நியாயமானது. 65 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 78 கிராம். அவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

புரதத்தைக் கூட்டச் சொல்லும் அறிவுரையின் பலம் இங்கேதான் தெரிகிறது. அது ஒரு மெய்யான பள்ளத்தைச் சுட்டிக்காட்டுகிறது. பசி இருந்த காலத்தில் நிறையச் சோறும் குழம்பும் சாப்பிட்டபோது, புரதம் குறைவான உணவிலிருந்தும் அளவின் பலத்தால் கொஞ்சம் தேறிவந்தது. சாப்பாடு பாதியானதும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தட்டில் முதலில் எதைத் தொடுவது என்பதே இப்போது பெரிய விஷயம். சோறு முதலில் போனால் ஆறு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும், ஓரத்தில் இருந்த பனீர் அப்படியே இருக்கும்.

அதே நாளை மாற்றி அமைத்தால் இப்படி வரும். காலை ஒரு இட்லியும் 80 கிராம் பனீர் பொரியலும் சாம்பாரும்: சுமார் 19 கிராம். இடையில் 200 கிராம் தயிர்: 7 கிராம். மதியம் 30 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துச் செய்த குழம்பு, கெட்டிப் பருப்பு, கொஞ்சம் சோறு: 21 கிராம். மாலை ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 8 கிராம். இரவு ஒரு பாசிப்பருப்பு அடையும் ஒரு டம்ளர் பாலும்: 12 கிராம். மொத்தம் 67 கிராம். முட்டை சாப்பிடுபவராக இருந்தால் இரண்டு முட்டையில் மீதியும் நிறைந்துவிடும்.

தாளில் அழகாக நிற்கும் இந்தக் கணக்கு வயிற்றில் அப்படியே நிற்பதில்லை. பருப்பும் கடலையும் புரதத்தோடு நாரையும் மாவுச்சத்தையும் கொண்டுவருபவை. இரைப்பை மெதுவாகக் காலியாகும் நிலையில் ஒரு கிண்ணம் சுண்டல் மூன்று மணி நேரம் கனமாகவே உட்கார்ந்திருக்கும், வாயுவும் சேரும். ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் குமட்டல் அதிகமாக இருப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். எனவே “பருப்பு நிறையச் சாப்பிடுங்கள்” என்ற பொதுவான அறிவுரை, இந்த மருந்து எடுப்பவருக்கு அரைகுறையாகத்தான் உதவும். அவருக்குத் தேவை குறைந்த அளவில் அதிகப் புரதம் தரும் பண்டங்கள்: பனீர், வடிகட்டிக் கெட்டியாக்கிய தயிர், மீல்மேக்கர், அசைவம் உண்பவருக்கு முட்டை, மீன், கோழி. புரதப் பவுடரை ஒரேயடியாக ஒதுக்குவதும் சரியல்ல. மோரில் கலந்த அரைக் கரண்டி வே பவுடர் 12 கிராம் தரும், குமட்டல் நாளில் அதுவே இறங்கும். ஆனால் அது குமட்டல் நாளுக்கான மாற்று வழி மட்டுமே. அதைத் தினசரி உணவாக்கிவிட்டு மற்றதை விட்டுவிடுவது இப்போது பரவலாக நடக்கும் பிசகு.

இதைவிட ஆழமான பிசகு வேறு. புரதத்தை எண்ணுவது எளிது, அதனால் அறிவுரையின் முழு எடையும் அதன் மேல் விழுந்துவிட்டது. தசை தன்னைத் தக்கவைத்துக்கொள்வது முதன்மையாகச் சுமைக்கு எதிர்வினையாகத்தான். புரதம் அதற்கான மூலப்பொருள். செங்கல் வந்து குவிந்தாலும் கொத்தனார் வராவிட்டால் சுவர் எழும்பாது. பயிற்சியின் வகையும் முக்கியம் என்பதற்கு 2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல சான்று. பருமனான 160 முதியவர்களில் உணவைக் குறைத்து எடை இழந்தவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். எடை ஏறத்தாழ சமமாகவே குறைந்தது. நடை, ஓட்ட வகைப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத நிறையில் 2.7 கிலோ இழந்தார்கள். சுமைப் பயிற்சி செய்தவர்களுக்கு இழப்பு 1 கிலோ. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 1.7 கிலோ, ஆனால் எழுந்து நடமாடும் திறன் அவர்களுக்கே மிக அதிகம் கூடியது. பூங்காவில் தினமும் பத்தாயிரம் அடி நடந்தால் போதும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் கலைக்கின்றன.

உதாரணப் பெண்ணுக்கு வருவோம். ஞாயிறன்று ஊசி, திங்களும் செவ்வாயும் குமட்டல். பயிற்சி நாட்கள் புதனும் சனியும். கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தல், குதிகாலைத் தூக்கி நிற்றல்: ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டு முறை. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், அதுதான் சுமை போதுமா என்பதற்கான அடையாளம். பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டால் 3 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழ வேண்டும், பிறகு 5 கிலோ. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். முதல் மாதத்தில் கற்ற அதே அசைவை அதே எண்ணிக்கையில் ஆறு மாதம் செய்வார்கள். உடம்பு 10 கிலோ இளைத்திருக்கும். நாற்காலியில் இருந்து எழும்போது தூக்கும் சுமை இந்த உடம்பேதான் என்பதால், பயிற்சி கூடாமல் நின்றதோடு போகாமல், சத்தமில்லாமல் குறைந்தும் போயிருக்கும்.

அளவிடுவதிலும் இதே கண்ணி இருக்கிறது. முப்பது வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று முதல் வாரத்தில் எண்ணியபோது 9 வந்தது என்று கொள்ளலாம். 74 கிலோவுக்கு வந்த பிறகும் 9 தான் வந்தால் அது நிலைத்த பலம் அல்ல, பலக் குறைவு. இலேசான உடம்பை அதிக முறை தூக்க முடிந்திருக்க வேண்டும். ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் இருக்கும், காலின் வழியே மின்சாரம் செலுத்தித் தசையின் அளவைச் சொல்லும் எடை இயந்திரத்தை நம்புவதைவிட இந்த எளிய எண்ணிக்கை மேல். அந்த இயந்திரத்தின் கணக்கு முந்தைய இரவு குடித்த தண்ணீருக்கேற்பக்கூட மாறும். கைப்பிடி வலுவை அளக்கும் கருவி கிடைத்தால், ஆசியர்களுக்கு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போவது தசைக்குறைவின் எச்சரிக்கை என்பது 2019-இல் ஆசிய நிபுணர் குழு வகுத்த எல்லை.

இந்த நடைமுறையின் மேல் வைக்க வேண்டிய முக்கியமான விமர்சனம், ஆதாரத்தின் தன்மை பற்றியது. மேலே சொன்ன முதியோர் ஆய்வு ஊசி இல்லாமல் நடந்தது. ஊசியோடு பயிற்சியை நேரடியாகச் சோதித்த டென்மார்க் ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது. தினசரி ஊசியான லிராக்ளுடைட்டும் பயிற்சியும் சேர்ந்தபோது உடல் கொழுப்பு, தனித்தனியாகச் செய்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு குறைந்தது. ஆனால் அங்கே பயிற்சி பெரும்பாலும் இதயத் துடிப்பை வேகமாக்கும் வகை. வாராந்திர ஊசி, உயர் புரதம், சுமைப் பயிற்சி மூன்றும் சேர்ந்த முழு வடிவத்துக்கான சான்று பக்கத்து ஆய்வுகளிலிருந்து ஊகித்தெடுத்ததே. ஊகம் நியாயமானது, ஆயினும் ஊகம்தான்.

புரத அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இந்த 78 கிராம் தீங்காகலாம். நீண்டகால சர்க்கரை நோயாளிகளில் சிறுநீரகப் பாதிப்பு தெரியாமலே இருக்கும் என்பதால், புரதத்தைக் கூட்டும் முன் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் பரிசோதனைகள் அவசியம். இன்சுலினோ கிளிமெபிரைட் வகை மாத்திரையோ எடுப்பவர், குறைவாகச் சாப்பிட்டுவிட்டுச் சுமை தூக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்க வாய்ப்புண்டு. அந்த மருந்துகளின் அளவை மருத்துவர் முன்கூட்டியே குறைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, மருந்தின் வேகம். செமாக்ளுடைட் அளவு வழக்கமாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.25 மில்லிகிராமில் தொடங்கி 2.4 வரை ஏற்றப்படுகிறது. புரதத்தில் பாதிகூட எட்டாத நிலையில் அடுத்த படிக்கு ஏறினால், மேலே சொன்ன ஏற்பாடு எல்லாம் தாளோடு நிற்கும். எடை தொடர்ந்து வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, நாற்காலி எண்ணிக்கை சரிந்தாலோ, அளவை ஏற்றாமல் அதே படியில் இன்னும் சில வாரம் இருப்பது பற்றி மருத்துவரிடம் கேட்பது தகும். ஊசியைத் தாமாக நிறுத்துவது இதற்கு மாற்றல்ல. ஸ்டெப்-1 ஆய்வில் மருந்தையும் அதனோடு இருந்த வாழ்க்கைமுறை ஆலோசனையையும் நிறுத்திய ஓராண்டில், போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அப்படித் திரும்பும் எடையில் பெரும்பங்கு கொழுப்பாகவே இருக்கும்.