வண்ணார்பேட்டை பிளக்ஸ்

வண்ணார்பேட்டையில் பஸ் சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் ஒரு பிளக்ஸை முழுசாக வாசித்துவிடலாம். முதலில் மேல்வரிசை. அண்ணா இருந்தால் மட்டும் போதாது, இரு கழகத்துக்கும் அவர் உண்டு. பக்கத்தில் பெரியாரும் கலைஞரும் என்றால் உதயசூரியன், எம்.ஜி.ஆரும் அம்மாவும் என்றால் இரட்டை இலை.

‘தளபதி’ என்ற பட்டம்தான் இப்போது ஆளைக் குழப்பும். முன்பெல்லாம் அது ஸ்டாலின்தான். 2024இல் விஜய் த.வெ.க. தொடங்கியபின், கொடியில் இரட்டை யானையும் வாகைப் பூவும் தெரிகிறதா என்று பார்த்தே சொல்ல வேண்டும்.

வெட்டி ஒட்டிய படங்களில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நிற்பவர் பெரும்பாலும் விழா நாயகர் இல்லை. ‘வருக வருக’வுக்குக் கீழே உள்ள பெயரே விருந்தாளி; கும்பிடுகிறவர், ‘இவண்’ என்ற சொல்லுக்கடியில் இருக்கும், காசு கொடுத்த வட்டச் செயலாளர்.