ஒரே இயந்திரம், இரு நாட்டு வரிக் கணக்கு

இலங்கைக் கணக்காளர் இதைப் 'பிற்போடப்பட்ட வரி' என்பார். தமிழ்நாட்டுப் பாடநூலில் இது 'ஒத்திவைக்கப்பட்ட வரி'. அலுவலகப் பேச்சில் இரு கரையிலும் 'டெஃபர்ட் டாக்ஸ்'தான். கணக்கியல் விதியும் அநேகமாக ஒன்றே. இலங்கையின் எல்.கே.ஏ.எஸ். 12, இந்தியாவின் இண்ட் ஏ.எஸ். 12 இரண்டுக்கும் தாய் ஐ.ஏ.எஸ். 12 என்ற சர்வதேச நியமம். ஆனால் இரு நாட்டு வரிச் சட்டங்களும் வேறு. அதனால் ஒரே இயந்திரம் இரு நாட்டிலும் வெவ்வேறு வரலாற்றை எழுதுகிறது.

இயந்திரத்தின் விலை 15 இலட்சம் ரூபாய், ஆயுள் 15 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் ஆண்டுக்கு 1 இலட்சம் தேய்மானம். தேய்மானத்துக்கு முந்தைய இலாபம் ஒவ்வோர் ஆண்டும் 5 இலட்சம். ஆக, ஏட்டு இலாபம் 4 இலட்சம்.

முதலில் இலங்கை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, உற்பத்தி இயந்திரத்தின் செலவை 5 ஆண்டில் சமமாகக் கழிக்கலாம். ஆண்டுக்கு 3 இலட்சம். வரிக்குரிய இலாபம் 2 இலட்சமாகக் குறையும்; 30% வீதத்தில் வரி 60,000. வரியை இவ்வளவோடு நிறுத்தினால் முதலாண்டு நிகர இலாபம் 3.4 இலட்சம். ஆறாம் ஆண்டில் வரிக்கழிவு தீர்ந்துவிடும். 5 இலட்சத்துக்கும் வரி கட்ட வேண்டும். நிகர இலாபம் 2.5 இலட்சமாகச் சரியும். தொழிலிலோ எதுவும் மாறவில்லை.

இந்தப் பொய்த் தோற்றத்தைத் திருத்தவே பிற்போடப்பட்ட வரி. முதலாண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 14 இலட்சம், வரிக் கணக்கில் மதிப்பு 12 இலட்சம். இடையிலுள்ள 2 இலட்சமே தற்காலிக வேறுபாடு. அதில் 30%, அதாவது 60,000, செலவாகவும் கடப்பாடாகவும் பதிவாகும். நிகர இலாபம் 2.8 இலட்சம். ஆறாம் ஆண்டில் கடப்பாட்டிலிருந்து 30,000 திரும்பி வரும்; அப்போதும் 2.8 இலட்சமே. ஐந்தாம் ஆண்டு முடிவில் வேறுபாடு 10 இலட்சம், கடப்பாடு 3 இலட்சம் என்று உச்சம் தொட்டு, அடுத்த பத்தாண்டில் சீராகக் கரைந்து பூச்சியமாகும்.

இந்தியாவில் வருமான வரி நேர்கோட்டில் போவதில்லை. பொதுவான இயந்திரத்துக்கு, குறைந்துகொண்டே போகும் மீதியில் 15% கழிவு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதிலும் பாதிதான். முழு ஆண்டும் ஓடியது என்றால் முதலாண்டுக் கழிவு 2.25 இலட்சம், வேறுபாடு 1.25 இலட்சம். சலுகை வீதத்தைத் தேர்ந்த நிறுவனத்துக்கு 22 சதவீதத்தோடு கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.168% ஆகிறது. கடப்பாடு 31,460 ரூபாய்.

இங்கும் வேறுபாடு ஐந்தாம் ஆண்டில்தான் உச்சம் தொடுகிறது. ஆனால் அது ஏறத்தாழ 3.34 இலட்சமே, இலங்கையில் கண்டதில் மூன்றில் ஒரு பங்கு. இனிமேல்தான் வேடிக்கை. பதினான்காம் ஆண்டில் ஏட்டு மதிப்பு 1 இலட்சம். வரிக் கணக்கில் மீதி சுமார் 1.54 இலட்சம். கடப்பாடாக இருந்தது சொத்தாகப் புரண்டுவிட்டது. பதினைந்தாம் ஆண்டில் ஏடு பூச்சியத்தைத் தொட்டாலும் வரிக் கணக்கில் சுமார் 1.31 இலட்சம் எஞ்சியிருக்கும். மீதியில் சதவீதம் கழித்தால் மீதி தீராது.

இந்தியக் கணக்காளரின் தலைவலி இங்கேதான். வரிச் சட்டம் தனி இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. ஒரே வீதமுள்ளவற்றை ஒரு தொகுதியாகப் பார்க்கிறது. ஒன்றை விற்றால் விற்ற தொகை தொகுதியிலிருந்து கழியும். சொத்துப் பதிவேட்டில் இயந்திரம் மறைந்த பிறகும் அதன் வரி மீதி தொகுதிக்குள் கிடக்கும். ஆகவே இயந்திரம் இயந்திரமாக ஒப்பிடுவோர் வழி தவறுவர். தொகுதியின் மொத்த ஏட்டு மதிப்பையும் மொத்த வரி மதிப்பையும்தான் ஒப்பிட வேண்டும்.

இலங்கையரின் தலைவலி வீதத்தில் வந்தது. 2022 அக்டோபரிலிருந்து நிறுவன வரியின் பொது வீதம் 24 சதவீதத்திலிருந்து 30 ஆனது. பொது வீதத்தில் வரி கட்டி, 10 இலட்சம் வேறுபாடு வைத்திருந்த நிறுவனத்தின் கடப்பாடு 2.4 இலட்சத்திலிருந்து 3 இலட்சமானது. புதிதாக எதையும் வாங்காமலே 60,000 ரூபாய் செலவு. இந்தியாவில் 2019இல் 22% சலுகை வீதம் வந்தபோது எதிர்மாறாக நடந்தது. அதைத் தேர்ந்தவர்களில் கடப்பாடு வைத்திருந்தோருக்கு ஆதாயம். பிற்போடப்பட்ட வரியைச் சொத்தாக வைத்திருந்தோருக்கு இழப்பு.

அத்தகைய சொத்து இரு நாட்டிலும் அடிக்கடி பணிக்கொடையில் பிறக்கிறது. ஊழியர் உழைக்கும் ஆண்டிலேயே ஏடு அதைச் செலவாக்கும். வெறும் ஒதுக்கீட்டை வரி ஏற்காது, பணம் கைமாறும்போதே ஏற்கும்.

கணக்குச் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. நடப்பு வரியையும் பிற்போடப்பட்ட வரியையும் கூட்டி ஏட்டு இலாபத்தால் வகுத்துப் பாருங்கள். நம் இலங்கை உதாரணத்தில் 1.2 இலட்சத்தை 4 இலட்சத்தால் வகுத்தால் சரியாக 30%. விடை சட்ட வீதத்திலிருந்து விலகினால், பெரும்பாலும் வீதம் அந்த ஆண்டு மாறியிருக்கும். அல்லது அபராதம் போல வரி என்றைக்கும் ஏற்காத செலவு இருக்கும். அவை இரண்டும் இல்லையென்றால், முதலில் திறக்க வேண்டியது சொத்துப் பதிவேட்டை.