இரண்டு மணி நேர நேர்காணல் எழுத்துப்படியைப் பொருள்வாரியாகப் பகுத்தல்: சொற்பிணைப்பு முறை குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நீண்ட வாய்மொழி நேர்காணலின் எழுத்துப்படியைப் பொருள்வாரியாகப் பகுப்பதற்குச் சொற்பிணைப்பு முறை பரவலாகக் கையாளப்படுகிறது. சொற்கள் மாறும் இடமே பேச்சுப்பொருள் மாறும் இடம் என்பது அம்முறையின் அடிப்படை. எழுத்துரையில் பெரிதும் பொருந்தும் இவ்வடிப்படை உரையாடலில் இரு இடங்களில் பிழைபடுவதையும், அப்பிழைகளுள் ஒன்றை மதிப்பீட்டு அளவைகளும் சரிவரக் காட்டாமையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துப்படி, பொருட்பகுப்பு, சொற்பிணைப்பு, வெட்டு, நழுவல்

முன்னுரை

இரண்டு மணி நேர நேர்காணல் ஒன்றில் நிமிடத்திற்கு நூறு சொல் என்று கொண்டால் எழுத்துப்படி 12,000 சொற்களாக விரியும். அதனை முழுமையாகப் படிக்காமல் தமக்கு வேண்டிய பகுதியை ஆய்வாளர் கண்டடைய வேண்டுமானால் அது பொருள்வாரியாகப் பகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பகுப்பெல்லை தவறினால் மேற்கோளும் தவறும். ஒரு கூற்றுக்குக் காரணமான கேள்வி ஒரு பகுதியிலும் கூற்று மற்றொரு பகுதியிலும் பிரிந்து நின்றால், அக்கூற்று பேசுபவர் தாமாகவே சொன்னதாகத் தோற்றமளிக்கும்.

சொற்பிணைப்பு முறையின் செயற்பாடு

இத்துறையின் தொடக்ககால முறைகளுள் செல்வாக்கு மிக்கது மார்ட்டி ஹெர்ஸ்ட் 1997இல் விரிவாக வெளியிட்ட டெக்ஸ்ட்டைலிங் ஆகும். இம்முறை உரையை இருபது சொல் கொண்ட சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வோர் இடைவெளியிலும் முன்னுள்ள பத்துத் துண்டுகளையும் பின்னுள்ள பத்துத் துண்டுகளையும் ஒப்பிட்டு, இரு பக்கமும் பொதுவாக வரும் சொற்களைக் கொண்டு ஒப்புமை மதிப்பைக் கணக்கிடுகிறது. மேற்கண்ட எழுத்துப்படியில் இது 600 துண்டுகளாக அமையும்; ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு நிமிடப் பேச்சு அடுத்த இரண்டு நிமிடப் பேச்சோடு ஒப்பிடப்படும்.

ஒப்புமை தாழும் இடம் பள்ளம் எனப்படும். பள்ளத்தின் இருபுறமும் உள்ள மேடுகளிலிருந்து அது எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதே ஆழமாகும். இடப்பக்க மேடு 0.40, பள்ளம் 0.15, வலப்பக்க மேடு 0.35 எனில் ஆழம் 0.25 + 0.20 = 0.45 ஆகும். உரை முழுமைக்குமான ஆழங்களின் சராசரியையும் விலக்கத்தையும் கொண்டு வரம்பு ஒன்று வகுக்கப்படும். அவ்வரம்பைக் கடக்கும் பள்ளங்களே எல்லைகளாகக் கொள்ளப்படும்.

தமிழில் இம்முறையைக் கையாளும்போது முதலில் எதிர்ப்படுவது சொல்லுருவச் சிக்கல். 'தறி', 'தறியில', 'தறியை', 'தறிக்கு' ஆகியவற்றைக் கணினி நான்கு வேறு சொற்களாக எண்ணும். அதனால் ஒரே பொருள் தொடரும் இடத்திலும் ஒப்புமை தாழ்ந்து போலிப் பள்ளங்கள் தோன்றும். வேர்ச்சொல் பிரிப்பால் இதனைப் பெருமளவு களையலாம். கீழ்க்காணும் சிக்கல்கள் அவ்வாறு களையத்தக்கன அல்ல.

சொல் மாறாமல் பொருள் மாறுதல்

கைத்தறி நெசவாளர் ஒருவருடன் நிகழும் நேர்காணல் விளக்கத்திற்காக இங்கு அமைத்துக்கொள்ளப்படுகிறது. முதலாளியிடம் கூலிக்கு நெய்த காலத்தை அவர் சில நிமிடங்களாக விவரிக்கிறார்:

"பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பாரு. சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தா கூலி அப்பா கையிலதான் வரும்."

"சரிங்கய்யா, அது இருக்கட்டும். சொசைட்டியில எப்ப சேர்ந்தீங்க?"

"சொசைட்டியா? அங்கயும் அதே பாவு, அதே தறிதான். கூலி மட்டும் என் கையில வந்துச்சு."

இங்கு எல்லை உண்டு என்பதில் படிப்பவர் எவருக்கும் ஐயம் எழாது. 'அது இருக்கட்டும்' என்று கேட்பவர் முன்பொருளை மூடி, புதிய பொருளைத் திறக்கிறார். தந்தையின் உழைப்பாக இருந்தது மகனின் உழைப்பாக மாறும் வரலாற்றுத் திருப்பமும் இதுவே. எனினும் பாவு, தறி, சேலை, கூலி ஆகிய சொற்கள் இரு பக்கமும் மிகுந்து வருவதால் ஒப்புமை தாழ்வதில்லை. 'சொசைட்டி' என்னும் ஒரு சொல்லின் வரவு மட்டும் வரம்பைக் கடக்கும் பள்ளத்தை உண்டாக்கப் போதாது. எனவே இவ்வெல்லை விடுபடும்.

இதனைக் காட்டிக்கொடுக்கும் சான்று சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. கூற்றின் தொடக்கத்தில் உள்ளது. 'சரிங்க', 'அது இருக்கட்டும்', 'அதை விடுங்க' போன்ற தொடர்களும், அவற்றிற்கு முந்தைய மௌனமும், அடுத்து வரும் வினாவும் சேர்ந்தே எல்லையைக் குறிக்கின்றன. மிஷேல் கேலியும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் கூட்டப் பேச்சுகளை ஆராய்ந்தபோது, சொற்பிணைப்போடு இத்தகைய குறிப்புத்தொடர்களையும் மௌனத்தையும் பேசுபவர் மாற்றத்தையும் இணைத்தால் பிழை குறைவதைக் காட்டினர். ஆனால் எழுத்துப்படியைச் செம்மையாக்குவோர் முதலில் நீக்குவன இத்தொடர்களையே. 'சொசைட்டியில் எப்போது சேர்ந்தீர்கள்?' என்று மட்டும் எஞ்சும் படியில் எந்த முறையைக் கையாண்டாலும் இச்சான்றை மீட்க இயலாது.

பொருள் நழுவுதல்

அதே நேர்காணலின் பிற்பகுதியில் பேச்சு வேறு வகையில் நகர்கிறது. சொசைட்டிக் கூலியில் பாதி கடனுக்குக் கழிந்ததை நெசவாளர் சொல்கிறார். கடன் அக்காவின் கல்யாணத்திற்கு வாங்கியது என்கிறார். அக்காவைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்ததையும், மாப்பிள்ளை வீட்டாரையும் பற்றிப் பேசுகிறார். கூலியில் தொடங்கிய பேச்சு மூன்று நிமிடத்தில் உறவுமுறைக்கு வந்துவிடுகிறது. ஆயினும் எந்த இடத்திலும் எவரும் பொருளை மாற்றவில்லை. ஒவ்வொரு கூற்றும் முந்தைய கூற்றோடு முறையாக இணைந்தே நிற்கிறது.

உரையாடல் பகுப்பாய்வில் இது புதிய செய்தியன்று. நல்ல உரையாடலில் பொருள் படிப்படியாகவே நகரும் என்பதை ஹார்வி சாக்ஸ் தம் விரிவுரைகளில் சுட்டினார். கெயில் ஜெஃபர்சன் 1984இல் இந்நகர்வை விரிவாக ஆராய்ந்தார். இதனை நழுவல் எனவும், முன்னர்க் கண்டதை வெட்டு எனவும் வேறுபடுத்தலாம். நழுவலில் சொற்கள் முற்றிலும் மாறிவிடுவதால் சொற்பிணைப்பு முறை எங்கேனும் ஒரு பள்ளத்தைக் கண்டு எல்லை இடும். கடன் முதலில் குறிப்பிடப்படும் இடத்தில் ஒருவரும், காஞ்சிபுரம் வரும் இடத்தில் மற்றொருவரும் எல்லை இடக்கூடும். இருவரும் தவறியவர் அல்லர்.

அளவைகளின் குறை

தானியங்கிப் பகுப்பை மனிதப் பகுப்போடு ஒப்பிட 1999இல் முன்வைக்கப்பட்ட Pk அளவை பயன்படுகிறது. பகுதிகளின் சராசரி நீளத்தில் பாதியளவு அகலமுடைய சாளரம் ஒன்று உரைநெடுகிலும் நகர்த்தப்படும். சாளரத்தின் இரு முனைகளும் ஒரே பகுதியில் உள்ளனவா என்பதில் இரு பகுப்புகளும் முரண்படும் ஒவ்வோர் இடமும் பிழையாகும்.

இரண்டு மணி நேரம் பத்துப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டால் சராசரி நீளம் 12 நிமிடம். சாளரம் 6 நிமிடம். ஓர் எல்லை முற்றிலும் விடுபட்டால் 6 நிமிட அளவிற்குப் பிழை பதிவாகும். எல்லை இடம்பெயர்ந்திருந்தால், பெயர்ந்த தொலைவு இரு முறை கணக்கில் சேரும். ஆகவே நழுவலில் மூன்று நிமிடம் தள்ளி இடப்பட்ட எல்லைக்கும் 6 நிமிடப் பிழையே விழும். கூலிப் பகுதிக்கும் சொசைட்டிப் பகுதிக்கும் இடையேயான வெட்டைக் காணத் தவறுவதும், நழுவலின் தொடக்கத்திற்குப் பதில் முடிவில் எல்லை இடுவதும் இங்கு சமமான குற்றங்களாகின்றன. 2002இல் திருத்தமாக வந்த விண்டோடிஃப் அளவை சாளரத்திற்குள் உள்ள எல்லைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு வேறு சில குறைகளை நீக்கியது. எனினும் தனித்து நிற்கும் ஓர் எல்லையைப் பொறுத்தவரை அதுவும் இதே கணக்கையே தரும்.

முடிவுரை

குறை கணக்கீட்டில் மட்டும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு புள்ளியாகக் கருதும் கொள்கையிலும் உள்ளது. வெட்டு ஒரு புள்ளி. நழுவல் ஒரு நீட்சி. மனிதப் பகுப்பாளர் வெட்டிற்கு ஓரிடத்தையும், நழுவலுக்குத் தொடக்கம், முடிவு என இரு இடங்களையும் குறித்தால், அந்நீட்சிக்குள் எங்கு எல்லை விழுந்தாலும் அதனைப் பிழையன்று எனக் கொள்ள இயலும். அப்போது எஞ்சும் பிழைகளே முறையின் உண்மையான பிழைகளாக இருக்கும். தேடுபொருள் அட்டவணையிலும் நழுவற்பகுதி கூலி, உறவுமுறை ஆகிய இரு தலைப்புகளின்கீழும் இடம்பெறுதல் வேண்டும். அக்கா கல்யாணத்துக் கடன் இரண்டிற்கும் உரியது. இவற்றுக்கெல்லாம் முன்தேவை, 'அது இருக்கட்டும்' என்னும் தொடரும் அதற்கு முந்தைய மௌனமும் எழுத்துப்படியில் நீக்கப்படாமல் இருப்பதேயாகும்.