துண்டுச்சீட்டில் இரண்டு வரி

தென்னூரில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. ஐந்து பேச்சாளர்கள், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். எட்டரைக்கு முடிக்க வேண்டும். மூன்றாமவர் நாற்பது நிமிடத்தைத் தொட்டுவிட்டார். தொகுத்து வழங்கியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஐயா என்றுதான் அவரை அழைப்போம். பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து எழுதினார். பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன்: "அந்தத் தஞ்சாவூர் ரயில் சம்பவம். அதோடு நிறைவு செய்யுங்கள்."

எல்லோரும் எழுதுவது "நேரம் ஆகிவிட்டது" என்றுதான். அதைப் படித்தவர் பதறுவார். பதறியவர் முடிவைத் தேடி இன்னும் பத்து நிமிடம் எடுப்பார். நீட்டுகிறவர்களில் பலருக்கு எங்கே இறங்குவது என்று தெரிவதில்லை. ஐயா இறங்குமிடத்தையே கொடுத்தார். அந்தச் சம்பவத்தை விழாவுக்கு முன் காபி குடிக்கும்போது பேச்சாளரே சொல்லக் கேட்டிருந்தார். பேச்சாளர் அதை நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்குமுன் ஐயா ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

போன அரைமணியில் பாதியை மீட்டதும் அழகு. அடுத்த இருவருக்கு வைத்திருந்த நீண்ட அறிமுகங்களை ஒவ்வொரு வாக்கியமாக்கினார். தனித்தனியே போர்த்தவிருந்த பொன்னாடைகளைக் கடைசியில் ஒரே சுற்றில் முடித்தார். நான்காம் பேச்சாளரின் நேரத்தில் கைவைக்கவில்லை. "நேரமின்மை காரணமாக" என்ற சொல்லையும் உதிர்க்கவில்லை. அடுத்து வருபவருக்கு அது அவமானம். எட்டே முக்காலுக்கு நன்றியுரை முடிந்தது.

மணி அடித்தால் போதாதா என்பார்கள் நண்பர்கள். காரைக்குடிக் கம்பன் விழாவில் சா. கணேசன் காத்த நேர ஒழுங்கின்மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. பட்டிமன்றத்தில் நடுவர் மணி அடிப்பதும் முறைதான். அணிகள் அதற்கு ஒப்புக்கொண்டே வந்திருக்கின்றன. விருந்தினராக அழைத்தவரிடம் மணி அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மைக் செத்துப்போனாலும் ஐயா அப்படித்தான். தட்டமாட்டார், ஊதமாட்டார், "கேக்குதா?" என்று கேட்கமாட்டார். கட்டைவிரலால் சுவிட்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, மைக்செட்காரரிடம் முன்பே பேசிவைத்த சைகையைக் காட்டுவார். மேசைக்கடியில் தயாராக இருக்கும் கம்பி மைக் கைக்கு வந்துவிடும். கரண்டே போனால் மேடையின் விளிம்புக்கு வந்து குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கேட்பதற்காகவே அரங்கம் அமைதியாகும். ஒலி திரும்பியதும் அறுந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வார், பின்வரிசைக்காக.

உழவர் சந்தை மைதானக் கூட்டங்களில் இரவு பத்து மணி ஒலிபெருக்கி விதியே பேச்சை முடித்துவைக்கிறது. அரங்குகளிலோ பேச்சை நிறுத்தப் பாட்டைப் போட்டு ஒலியை உயர்த்துகிறார்கள், இல்லையென்றால் பேசுபவரின் தோளருகே போய் நிற்கிறார்கள். போன மாதம் அப்படி ஓர் இளைஞர் போய் நிற்க, பெரியவர் ஒருவர் தன் தாயாரைப் பற்றிய நினைவைப் பாதியில் விட்டு உட்கார்ந்தார். அந்தக் கதையின் மீதி இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.