சமவாய்ப்பு என்னும் சொல்லும் அதன் செயலும்: பிரெடிமெட் சோதனையைச் சார்புநிலைச் சரிபார்ப்புப் பட்டியலால் அளத்தல்

ஸ்பெயினில் 7447 பேரைக்கொண்டு நடந்த பிரெடிமெட் சோதனை, மத்தியதரைக்கடல் பகுதி உணவுமுறை இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றைக் குறைப்பதாக 2013இல் அறிவித்தது. ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெயும் மற்றொன்றுக்குப் பருப்புக் கொட்டைகளும் இலவசமாக வழங்கப்பட்டன. மூன்றாம் குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் அறிவுரை மட்டுமே. 2018இல் ஆசிரியர்களே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்தி மீண்டும் வெளியிட்டனர்.

காக்ரேன் அமைப்பினர் பயன்படுத்தும் ஆர்ஓபி 2 பட்டியலின் முதற்களம் மூன்று வினாக்களை எழுப்புகிறது. ஒதுக்கீட்டு வரிசை சமவாய்ப்பானதா? ஒருவர் சேர்க்கப்படும்வரை அது மறைக்கப்பட்டிருந்ததா? தொடக்க நிலையிலேயே குழுக்களுக்கிடையே காணும் வேறுபாடு ஒதுக்கீட்டில் சிக்கல் இருப்பதைக் காட்டுகிறதா? 2013ஆம் ஆண்டுக் கட்டுரையின் கூற்றை அப்படியே ஏற்றால் முதல் வினாவிற்கு 'ஆம்' என்றே விடையிறுக்க நேரும். நடந்தது வேறு. ஒரே வீட்டிலிருந்து இரண்டாமவராகச் சேர்ந்தவர் முதலாமவரின் குழுவிலேயே வைக்கப்பட்டார். ஓர் ஆய்வு மையத்தில் தனிநபர்கள் அல்லாமல் முழு மருத்துவ நிலையங்களே ஒரு குழுவிற்கு ஒதுக்கப்பட்டன. பக்கத்து வீட்டாருக்கு எண்ணெய் கிடைக்க, தமக்கு இல்லையே என்று மக்கள் முறையிட்டதே இதற்குக் காரணம் என்பர். காரணம் மனிதத்தன்மையுடையதே, விளைவோ ஒதுக்கீட்டு மறைப்பின் அழிவு. தம் நிலையத்திற்கு எண்ணெய்தான் வரும் என அறிந்த மருத்துவர் யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதைத் தாமறியாமலே தெரிவு செய்யக்கூடும். இப்பங்கேற்பாளரைப் பொறுத்தவரை இக்களத்தின் தீர்ப்பு 'உயர் இடர்' என்பதாகவே அமையும்.

இது வெளிப்பட்ட வழி மூன்றாம் வினாவோடு தொடர்புடையது. மயக்கவியல் மருத்துவர் ஜான் கார்லைல், பல சோதனைகளின் தொடக்கநிலை அட்டவணைகளைச் சமவாய்ப்பில் எதிர்பார்க்கத்தக்க பரவலோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு இச்சோதனையையும் சுட்டியது. பலர் கண்ணோட்டமாகக் கடந்துவிடும் அட்டவணை அது.

மூன்றாம் களமான விடுபட்ட தரவில் வேறொரு பாடம் உண்டு. இரண்டாண்டுகளுக்கு மேல் தொடர்பிழந்தோர் கட்டுப்பாட்டுக் குழுவில் 11.3 விழுக்காடு, மத்தியதரைக்கடல் குழுக்களில் 4.9. சமமின்மை வெளிப்படை. ஆயினும் விலகியோரின் தொடக்கநிலை இதய இடர், நிலைத்தோரினும் மிகுதி என ஆசிரியர்கள் குறிக்கின்றனர். அவ்வாறெனில் கட்டுப்பாட்டுக் குழுவின் முடிவு உண்மையினும் நன்றாகத் தோன்றியிருக்கும். உணவுமுறையின் பயனே குறைத்துக் காட்டப்பட்டிருக்கும். 'இடர் உண்டு' என்று குறித்ததோடு நில்லாமல், அது எத்திசையில் சாய்க்கிறது என்றும் மதிப்பீட்டாளர் எழுதவேண்டும். ஆய்வேடுகளில் இவ்விடம் பெரும்பாலும் வெற்றாகவே விடப்படுகிறது.

ஒதுக்கீடு பிறழ்ந்ததாக அறியப்பட்ட அல்லது ஐயுறப்பட்ட 1588 பேரை நீக்கிக் கணக்கிட்டபோதும் முடிவு பெரிதும் மாறவில்லை. இதைக் காட்டிச் சோதனையை முழுதும் மீட்டுவிட இயலாது. பிறழ்வென அறியப்பட்டவற்றையே நீக்க முடியும். எஞ்சியோரின் ஒதுக்கீட்டுக்கு அறிக்கையின் சொல்லே இன்னும் சான்றாக நிற்கிறது.